ஒவ்வொரு மாரியிலும் எங்கள் றோட்டில் ஏன் வெள்ளம்? – ஒரு ரீச்சரின் கடிதமும் எங்கள் மதிலும்

போன வருடம் கார்த்திகை மாதம், ஊரிலிருந்து எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவுக்கு ஒரு பத்திரிகைத் துண்டின் படம் வந்தது. ‘ஆசிரியருக்குக் கடிதங்கள்’ பகுதி. எழுதியவர் எங்களுக்குப் புவியியல் படிப்பித்த ரீச்சர். ஓய்வுபெற்று இருபது வருடங்களுக்கு மேலாகிறது. கடிதத்தின் கடைசி வரி ஒரு கேள்வி: “வாசிகசாலைக்கு முன்னால் உள்ள வீதியில் மழை விட்டு மூன்று நாளாகியும் வெள்ளம் வற்றாதது ஏன் என்பதைத் தெரிந்தவர்கள் விளக்குவார்களா?”

முதலில் நாங்கள் சிரித்தோம். அந்த றோட்டில் வெள்ளம் நிற்பது புதினமா என்று ஒருவர் எழுதினார். பிறகு கடிதத்தை முழுதாக வாசித்தோம். அதன் பின் குழுவில் ஒருவரும் சிரிக்கவில்லை. கேள்விக்கான பதில் எங்கள் வளவில் இருந்தது.

புலம்பெயர்ந்த பலருக்கு ஊரில் இன்னும் காணி இருக்கிறது, அதைச் சுற்றி மதிலும் இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறோம். ஊரின் பெயரைச் சொல்லவில்லை. வலிகாமத்தில், செம்மண் முடிந்து வயல் தொடங்கும் இடத்தில் உள்ள ஓர் ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளம் பற்றிப் பத்திரிகைக்கு எழுதப்படும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. பாடசாலைப் பிள்ளைகள் சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு போகிறார்கள், நுளம்பு பெருகுகிறது, அதிகாரிகள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள், மதகைப் பெருப்பித்துத் தாருங்கள் என்று இருக்கும். எல்லாம் உண்மைதான். ஆனால் அப்படிப்பட்ட கடிதத்துக்கு, வீதி தங்களுடையதல்ல என்று ஓர் அலுவலகமும், வாய்க்கால் தங்களுடையதல்ல என்று இன்னோர் அலுவலகமும் சுலபமாகப் பதில் சொல்லிவிடலாம். ரீச்சர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. தான் அளந்த மூன்று விடயங்களை மட்டும் எழுதியிருந்தார். மதகுக்கு மேற்குப் பக்கத்து நீர்மட்டம், கிழக்குப் பக்கத்து நீர்மட்டம், மழை விட்ட பிறகு ஒவ்வொரு நாளும் நீர் எவ்வளவு இறங்கியது என்பது.

அந்த அளவுகள் ஏன் முக்கியம் என்பதை விளங்கிக்கொள்ள, எங்கள் ஊரில் தண்ணீர் எப்படிப் போகிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. வலிகாமத்தின் நடுவே போகும் வழுக்கையாறுகூட மாரியில் மட்டும் ஓடி, அராலிப் பக்கம் கடலேரியில் கலக்கிறது. நிலம் ஏறத்தாழத் தட்டை. கீழே இருப்பது சுண்ணாம்புக்கல். வெடிப்பும் துவாரமும் உள்ள கல் என்பதால் மழையை நன்றாகக் குடிக்கும். ஐப்பசியில் பெய்யும் முதல் மழைகளுக்கு றோட்டில் வெள்ளம் நிற்காததற்கு அதுதான் காரணம். ஆனால் எங்களுக்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரையான சில கிழமைகளில் கொட்டிவிடும். கார்த்திகை நடுவில் கிணற்றுத் தண்ணீர் மேலே வந்து, கையால் அள்ளும் அளவுக்கு நிற்பதை நாங்கள் எல்லோரும் சின்ன வயதில் கண்டிருக்கிறோம். கிணறு அப்படி நிறைந்திருந்தால் நிலமும் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு பெய்யும் மழைக்குக் கீழே இடமில்லை, மேலால்தான் ஓட வேண்டும். ஐப்பசியில் ஒன்றும் செய்யாத அதே அளவு மழை கார்த்திகைக் கடைசியில் றோட்டை மூடுவது இதனால்தான். “போன மாதமும் இவ்வளவு மழை பெய்தது, அப்ப வெள்ளம் இல்லையே, இப்ப யாரோ மதகை அடைச்சிட்டினம்” என்று ஊரில் சொல்வது எப்போதும் சரியல்ல.

மேலால் ஓடும் தண்ணீருக்கென்று பழைய ஆட்கள் ஒரு பாதை வைத்திருந்தார்கள். மேட்டுக் காணிகளில் இருந்து ஒரு பள்ளம், பள்ளத்தில் ஒரு வெள்ளவாய்க்கால், அது றோட்டைக் கடக்கும் இடத்தில் மதகு, அதற்கப்பால் மீண்டும் வாய்க்கால், பிறகு வயல், குளம். கோடையில் அந்த வாய்க்கால் ஆடு மாடு போகும் ஒற்றையடிப் பாதை போலக் கிடக்கும். சில இடங்களில் அதுவும் தெரியாது. நடுவில் இரண்டு நாயுருவிச் செடி நிற்கும், அவ்வளவுதான். வளவுகளுக்குக் குறுக்கே வாய்க்கால் போனாலும் அந்தக் காலத்தில் பிரச்சினை இல்லை. வேலி கதியாலும் கிடுகும். தண்ணீர் கதியால்களுக்கு இடையால் போய்விடும், கிடுகின் அடி உக்கினால் அடுத்த வருடம் மாற்றுவார்கள்.

இப்போது ரீச்சரின் அளவுக்கு வருவோம்.

மதகின் இரு பக்கத்துக் கட்டுகளும் ஒரே உயரம் என்பதை, மேசன்மார் பாவிக்கும் தண்ணீர் நிரப்பிய கண்ணாடிக் குழாயை வைத்து முதலில் உறுதிப்படுத்தியிருக்கிறார். பக்கத்து வீட்டு மேசன் தம்பி உதவியாம். பிறகு கட்டின் மேல்விளிம்பிலிருந்து தண்ணீர் எவ்வளவு கீழே நிற்கிறது என்று இரு பக்கமும் அடிமட்டத்தால் அளந்திருக்கிறார். தண்ணீர் வரும் பக்கத்துக்கும் போகும் பக்கத்துக்கும் இடையே வித்தியாசம் ஒரே ஓர் அங்குலம்.

இந்த ஓர் அங்குலத்தில்தான் விசயம் இருக்கிறது. மதகு அடைபட்டிருந்தால், அல்லது போதாமல் இருந்தால், தண்ணீர் வரும் பக்கம் உயர்ந்தும் போகும் பக்கம் தாழ்ந்தும் நிற்கும். ஆறு அங்குலம், ஓர் அடி என்று வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நின்றால், மதகு தனக்கு வந்த தண்ணீரைக் கடத்திவிட்டது, அது போக இடமில்லாமல் நிற்கிறது என்று பொருள். தடை அதற்குக் கீழே எங்கேயோ இருக்கிறது. ஊரில் பதினைந்து வருடமாக எல்லோரும் கேட்டது மதகைப் பெருப்பிக்கச் சொல்லி. அதைப் பெருப்பித்திருந்தாலும் றோட்டில் ஓர் அங்குலத் தண்ணீர்தான் குறைந்திருக்கும்.

கடிதத்தில் அவர் இத்துடன் நிறுத்திக்கொண்டார். மதகுக்குக் கீழே எங்கே தடை என்பது அவருக்குத் தெரியும். முழங்கால் தண்ணீரில் வாய்க்கால் வழியே ஒரு தடியுடன் நடந்து போய்ப் பார்த்திருக்கிறார். மதகிலிருந்து எண்பது யார் தள்ளி ஒரு மதில். மதிலுக்கு இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நீர்மட்ட வித்தியாசம் பதினான்கு அங்குலம். அது எங்கள் மதில். எங்கள் பெயர் பத்திரிகையில் வரக்கூடாது என்பதற்காக அதை எழுதவில்லை. கடிதத் துண்டை மட்டும் எங்களுக்கு வந்து சேரும்படி பார்த்துக்கொண்டார்.

அந்த மதிலைக் கட்டியது 2013 இல். நாங்கள் நான்கு சகோதரங்கள், மூன்று நாடுகளில் இருக்கிறோம். ஐந்து பரப்புக் காணி. காசு அனுப்பினோம், வேலையை ஒரு சொந்தக்காரர் பார்த்தார். ஓகஸ்ட் மாதம், நல்ல கோடை. மேசன் தொலைபேசியில் கேட்டது இன்றைக்கும் நினைவிருக்கிறது. “அண்ணை, பின்பக்கத்தால வாய்க்கால் ஒண்டு போகுது. என்ன செய்யிறது?” ஒரு குழாய் வைக்கச் சொன்னோம். “எத்தனை இஞ்சி?” “ஏதாவது போடுங்கோ தம்பி.” அவர் ஆறு அங்குல பிவிசி குழாய் ஒன்று வைத்தார். உள்ளே பள்ளமாக இருக்கிறது என்று இரண்டடிக்குக் கிராவலும் கொட்டி நிரப்பினோம். வளவு அழகாக வந்தது என்று படம் பார்த்து மகிழ்ந்தோம். மதிலுக்கு அனுமதி எடுக்கக் கொடுத்த வரைபடத்தில் மதிலின் நீளமும் உயரமும் இருந்தன. வாய்க்காலை நாங்கள் அதில் கீறவே இல்லை.

ஆறு அங்குலம் என்பது எவ்வளவு என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தோம். யாரும் செய்யலாம். அந்த மதகுக்கு வந்து சேரும் மேட்டுக் காணிகள் ஏறத்தாழ 40 ஏக்கர், எங்கள் கணக்கில் 640 பரப்பு. ஒரு நாளில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால், ஓர் ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 400 கனமீற்றர். 40 ஏக்கருக்கு 16,000. நிலம் நிறைந்திருக்கும் நேரத்தில் அதில் பாதி ஓடி வருகிறது என்று வைத்தால் 8,000 கனமீற்றர். பத்தாயிரம் லீற்றர் பவுசர் என்றால் 800 பவுசர் தண்ணீர்.

பழைய மதகுக்கு இரண்டு கண்கள். ஒவ்வொன்றும் மூன்றடி அகலம், இரண்டடி உயரம். இரண்டும் சேர்ந்து 12 சதுர அடி, அதாவது ஒரு சதுர மீற்றருக்குச் சற்று அதிகம். மெதுவாக நடக்கும் வேகத்தில், செக்கனுக்கு ஒரு மீற்றர் என்று தண்ணீர் போனால், மணிக்கு 4,000 கனமீற்றர் போகும். 800 பவுசர் தண்ணீரும் இரண்டு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். அதே வேகத்தில் எங்கள் ஆறு அங்குலக் குழாயால் மணிக்கு 65 கனமீற்றர்தான் போகும். எட்டாயிரத்தை அறுபத்தைந்தால் வகுத்தால் 123 மணித்தியாலம். ஐந்து நாள்.

மூன்று நாளில் வற்றியதற்குக் காரணம், கொஞ்சம் நிலத்துக்குள் போனதும், மிச்சம் பக்கத்து வளவுக்குள்ளால் சுற்றிப் போனதும்தான். பக்கத்து வளவில் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறா. ஒவ்வொரு மாரியும் அவவின் குசினிக்குள் தண்ணீர் வருவது எங்களுக்குத் தெரியும். தெரிந்து, இரண்டு தடவை காசும் அனுப்பியிருக்கிறோம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டதில்லை.

கணக்கில் இன்னொரு விடயமும் பலரைத் தவறவைக்கும். ஆறு அங்குலக் குழாய் பன்னிரண்டு அங்குலக் குழாயில் பாதி என்று நினைப்போம். அல்ல, கால்வாசி. விட்டம் பாதியானால் வாய் நான்கில் ஒன்றாகிறது. உரசலும் கூடும், ஆகவே உண்மையில் கால்வாசியிலும் குறைவு. அதோடு சின்னக் குழாயை ஒரு பொலித்தீன் பையும் நான்கு பலா இலையும் அடைத்துவிடும்.

கடிதம் வெளிவந்த பிறகு அதிகாரிகள் தரப்பில் என்ன நடந்தது என்று கேட்பீர்கள். பதில் வந்தது, வழமைபோல. அதில் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை. ஆனால் யார் எதற்குப் பொறுப்பு என்பதை அறிந்து வைத்திருப்பது நல்லது. இலங்கையில் ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், சி, டி வகை வீதிகள் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கும், ஊர் வீதிகளும் ஒழுங்கைகளும் பிரதேச சபை போன்ற உள்ளூராட்சி மன்றத்துக்கும் உரியவை. சிறு குளங்களைக் கமநல அபிவிருத்தித் திணைக்களம் பார்க்கிறது. ஒரே தண்ணீர் அரை மைல் தூரத்துக்குள் மூன்று நான்கு பேருடைய எல்லையைக் கடக்கிறது. எங்கள் ஊரில் ஐந்தாவது ஒரு ‘திணைக்களமும்’ நடுவில் இருந்தது, நாங்கள்.

அந்த வாய்க்கால் பதிவில் இருக்கிறதா, எத்தனை அடி அகலம் என்று அறிய ரீச்சர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தார். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம் அது. 14 வேலை நாட்களுக்குள் தகவல் அலுவலர் முடிவைச் சொல்ல வேண்டும். இங்கிருந்தே நாங்கள் கேட்கிறோம் என்று சொன்னோம். முடியாது. அந்த உரிமை இலங்கைப் பிரஜைகளுக்கு மட்டுமே. வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்து, இரட்டைக் குடியுரிமை பெறாதவர்கள் கேட்க இயலாது. ஊரிலுள்ள சங்கம் ஒன்று கேட்கலாம், அதன் உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினராவது பிரஜைகளாக இருக்க வேண்டும். எங்களுக்காக எழுபத்தொன்பது வயதில் அவர்தான் போய் வரிசையில் நின்றார்.

எங்கள் உறுதியையும் எடுத்துப் பார்த்தோம். அதில் ‘வழிவாய்க்கால் உரிமை’ என்று ஒரு வரி இருந்தது. அதைக் கண்டதும் இதுதான் என்று நினைத்தோம். ரீச்சர் திருத்தினார். யாழ்ப்பாண உறுதிகளில் கிணற்றுப் பங்கோடு சேர்த்து வரும் அந்த வாய்க்கால், பங்குக் கிணற்றிலிருந்து தோட்டத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் வாய்க்கால். வெள்ளவாய்க்கால் வேறு. உறுதியில் பார்க்க வேண்டியது எல்லைகளை. தெற்கு எல்லை ‘வாய்க்கால்’ என்றோ ‘வெள்ளவாய்க்கால்’ என்றோ எழுதியிருந்தால் அது இது. எங்கள் உறுதியில் 1961 ஆம் ஆண்டிலேயே அந்தச் சொல் இருந்தது. பாட்டனார் வாங்கியபோது எழுதியது. நாங்கள் ஒருவரும் வாசித்ததில்லை.

மதிலைத் திறப்பது என்று முடிவெடுக்க எங்களுக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒரு சகோதரம் கடைசிவரை சம்மதிக்கவில்லை. “அந்த வாய்க்காலில் இன்னும் இரண்டு பேர் கட்டியிருக்கினம், நாங்கள் மட்டும் ஏன் உடைக்கவேணும்? கள்ளன் வருவான், காணி விலையும் போகும்” என்பது அவரது வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. மற்ற இருவரும் எங்களுக்குக் கீழேதான் இருக்கிறார்கள், அவர்கள் ஓரளவு பெரிய கண் விட்டிருக்கிறார்கள். ஆனாலும் எங்கள் தண்ணீர் முழுவதும் ஒன்றாகப் போனால் அவர்களுக்குத் தாங்குமா என்று பார்க்காமல் திறக்கக் கூடாது. மேலே உள்ள ஒருவரின் வெள்ளத்தைக் கீழே உள்ள ஒருவருக்கு மாற்றிக் கொடுப்பது தீர்வல்ல. ரீச்சரும் மேசன் தம்பியும் போய் அவர்களுடைய கண்களை அளந்தார்கள். ஒன்று 12 சதுர அடிக்கு மேல். மற்றது ஒன்பது. ஒன்பதுக்காரர் ஒரு கண்ணைக் கூட்டச் சம்மதித்தார். அந்தச் செலவை நாங்கள் ஏற்றோம்.

எங்கள் மதிலில் எட்டடி அகலத்துக்கு, நிலமட்டத்திலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கண் திறந்து, மேலே கொங்கிறீற் வளை போட்டோம். மதகின் அளவேதான், 12 சதுர அடி. தண்ணீர் உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் இரண்டிலும் இப்படிச் செய்ய வேண்டும், ஒன்றை மட்டும் திறந்து பயனில்லை. கள்ளன் பயத்துக்கு ஆறு அங்குல இடைவெளியில் நிலைக்குத்தாகக் கம்பி. நெருக்கமாக வலை அடித்தால் குப்பை பிடித்து மறுபடியும் மதிலாகிவிடும். கொட்டிய கிராவலில் எட்டடி அகலத்துக்கு மீண்டும் வெட்டி எடுத்தோம். அடியை மதகின் அடியைவிடச் சற்றுத் தாழ்வாக வைத்தோம், இல்லாவிட்டால் மண் மேடே அணையாக நிற்கும். நூறடி நீள வளவில் எங்களுக்குப் போனது ஏறத்தாழ ஐந்து குழி நிலம். ஐந்து பரப்பில் ஐந்து குழி.

வெட்டும்போது இரண்டடிக்குக் கீழே பழைய வாய்க்காலின் கல்வரிசை கிடைத்தது என்று மேசன் படம் அனுப்பினார். இரண்டு பக்கமும் அடுக்கிய முருகைக்கல். அதைக் கண்ட பிறகு மறுத்த சகோதரமும் ஒன்றும் சொல்லவில்லை.

இந்த வருடம் முதல் பெரிய மழை விட்ட அடுத்த நாள் காலை ரீச்சர் எடுத்தார். றோட்டில் தண்ணீர் இல்லை. பக்கத்து அம்மாவின் முற்றத்தில் கணுக்கால் அளவு இருந்து மத்தியானத்துக்குள் போய்விட்டது. பத்து நாள் கழித்து இரண்டாவது மழை வந்தது. அப்போது றோட்டில் மறுபடியும் வெள்ளம். குழுவில் கோபமாக ஒருவர், “இவ்வளவு காசும் வீணா?” என்று எழுதினார்.

ரீச்சர் அளந்து அனுப்பினார். மதகில் வித்தியாசம் இல்லை. எங்கள் மதிலிலும் இல்லை. கீழே இருவரின் மதில்களிலும் இல்லை. வயல் வரைக்கும் ஒரே மட்டம், குளம் வான் பாய்ந்து நிற்கிறது. குளத்துக்குக் கீழே தண்ணீர் போனால்தான் இது இறங்கும். குளத்தைத் தூர்வாரி எத்தனை வருடம் என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

“இனிப் பிழை உங்கட மதிலில இல்லை, பிள்ளையள்” என்று குரல் பதிவில் சொன்னார். பத்திரிகைக்கு அடுத்த கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறாராம், இந்த முறை குளத்தைப் பற்றி. குளக்கட்டில் அளவுகோல் ஒன்று நாட்ட வேண்டும், எட்டடிக் கம்பி ஒன்றுக்கும் வெள்ளைப் பெயின்ற் ஒரு ரின்னுக்கும் காசு அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். அனுப்பிவிட்டோம்.